தக்கலை சிப்ஸ் கடைக்கு நான் அனுப்பிய இரண்டு செய்திகள்

2025 ஜூலை முதல் வாரத்தில் தக்கலையில் இருக்கிற ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி அனுப்பினேன். பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு ஒரு ரீல் செய்து தருகிறேன் என்பதுதான் விஷயம். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கடைக்கு வாட்ஸ்அப்பில் வேறொரு செய்தி அனுப்பினேன், அன்று மாலையே கடைக்காரர் கூப்பிட்டார். ஆள் அதே ஆள், கடை அதே கடை, என்னைப் பின்தொடர்கிறவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். மாறியது செய்தியும் அதை அனுப்பிய இடமும் மட்டும். இரண்டையும் அப்படியே இங்கே வைத்து, எந்த வரி என்ன செய்தது என்று பார்க்கிறேன், ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்னைப் போல ஐந்தாயிரம், பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு கடைகளுக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அனுப்புவது என் முதல் செய்தியைத்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: குழித்துறைக்காரி. சமையலும் ஊர்த் தின்பண்டங்களும்தான் என் ரீல்கள். அப்போது 6,200 பேர் பின்தொடர்ந்தார்கள். அதுவரை இரண்டு கடைகளுக்கு இலவசமாகச் செய்திருந்தேன், காசு வாங்கியதில்லை.

முதல் செய்தி இது:

> வணக்கம்! நான் ஒரு உணவு கன்டென்ட் கிரியேட்டர். எனக்கு 6.2K ஃபாலோயர்ஸ் இருக்கிறார்கள். சமீபத்தில் என் ரீல் ஒன்று 84,000 பேரைச் சென்றடைந்தது. உங்கள் பிராண்டுடன் கொலாபரேட் செய்ய ஆர்வமாக இருக்கிறேன். உங்கள் விற்பனையை அதிகரிக்க என்னால் உதவ முடியும். ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், ரேட் பேசிக்கொள்ளலாம். நன்றி.

இதில் கடையின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் என்ன விற்கிறார்கள் என்பதும் இல்லை. இதை அப்படியே எடுத்து ஒரு துணிக்கடைக்கோ பல் மருத்துவமனைக்கோ அனுப்பலாம், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். "கொலாபரேட்" என்றால் காசு கேட்கிறாளா, சும்மா ஒரு பாக்கெட் சிப்ஸ் கேட்கிறாளா என்பதும் புரியாது. ரேட் பேசிக்கொள்ளலாம் என்று விட்டதில் நான் நாகரிகமாக நடந்துகொண்டதாக நினைத்தேன். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், விலை சொல்லாத பொருளை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது உரிமையாளரின் அக்கா மகன், அவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறார், வாரத்தில் ஒரு நாள் திறந்து பார்த்தாலே பெரிது. போதாததற்கு, நாம் பின்தொடராத, நம்மைப் பின்தொடராத ஒருவருக்கு அனுப்பும் செய்தி அவருடைய பெட்டிக்குள் நேராகப் போகாது, செய்திக் கோரிக்கைகள் என்ற தனிப் பகுதியில் போய் உட்காரும். என் செய்தி அங்கேதான் கிடந்தது, யாரும் திறக்கவில்லை. கடையை நடத்துகிற அண்ணாச்சியின் கண்ணுக்கு அது போகவே இல்லை. அவர் இருக்கிற இடம் வாட்ஸ்அப். சிப்ஸ் கவரின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற எண்ணும் அதுதான். ஆகவே எங்கே அனுப்புவது என்பதை பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், எந்த எண்ணில் அவர்கள் ஆர்டர் எடுக்கிறார்களோ அந்த எண்ணில்தான் முடிவெடுக்கிற ஆள் இருப்பார். சிறிய கடைகளில் இது பெரும்பாலும் பொருந்துகிறது.

சரி, 84,000 விஷயத்துக்கு வருகிறேன், நான் செய்த பெரிய தப்பு அங்கேதான் இருக்கிறது.

அந்த ரீல் திற்பரப்பு அருவியில் மழை நாளில் எடுத்தது. நன்றாக ஓடியது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் போட்ட ஒன்பது ரீல்களின் கணக்கை எடுத்து வரிசையாக எழுதிப் பார்த்தபோது 1,900, 2,200, 2,400, 2,800, 3,000, 3,200, 3,700, 4,100, 4,700 என்று வந்தது, கடைசியில் ஒரே ஒரு 84,000. பத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 11,200. அந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொன்னால் பொய் இல்லை, ஆனால் பத்தில் ஒன்பது ரீல் அந்த எண்ணின் பாதியைக்கூடத் தொடவில்லை. வரிசையின் நடுவில் இருக்கிற இரண்டு எண்களை, அதாவது 3,000-ஐயும் 3,200-ஐயும் எடுத்தால் நடு எண் 3,100. அடுத்து நான் போடப்போகிற ரீல் எத்தனை பேரிடம் போகும் என்று யாராவது கேட்டால் நேர்மையான பதில் அதுதான். அண்ணாச்சி பணம் கொடுக்கப்போவது அடுத்த ரீலுக்கு, அருவி ரீலுக்கு அல்ல.

அதோடு அருவி ரீலைப் பார்த்தவர்களின் ஊர்களைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர். சுற்றுலா யோசிக்கிறவர்கள். என் சாதாரண சமையல் ரீல்களைப் பார்க்கிறவர்களில் நாகர்கோவில்தான் முதல் இடம், 22 சதவீதம், அடுத்து சென்னை, திருவனந்தபுரம். தக்கலையில் சிப்ஸ் விற்கிறவருக்கு எது உதவும் என்று யோசித்தால், சின்ன எண்ணிக்கைதான் அவருக்கு நெருக்கமான எண்ணிக்கை. சென்னையில் இருக்கிற பங்கும் வீணில்லை, அதில் பாதிப்பேர் இந்தப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள் என்பது அவர்கள் போடுகிற பின்னூட்டங்களிலேயே தெரியும், "எங்க வீட்டுப் பக்கம்" என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டாவது செய்தியை எழுதும் முன் ஒரு நாள் கடைக்குப் போய்க் கால் கிலோ வாங்கிக்கொண்டு நின்று பார்த்தேன். அடுப்பு கடையின் பின்பக்கம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் காயைக் கையில் பிடித்து நேராக எண்ணெய்க்கு மேலேயே சீவுகிறார்கள், பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள், அப்போது எழும்புகிற சத்தம் கடைக்கு வெளியே ரோட்டில் நிற்கிறவருக்கும் கேட்கும். அந்தச் சத்தம்தான் ரீல் என்று அங்கேயே முடிவு செய்தேன். அப்புறம் ஒன்று கவனித்தேன்: கல்லாவுக்குப் பக்கத்தில் பார்சல் அனுப்பப்படும் என்று கையால் எழுதிய அட்டை. கேட்டபோது, ஓணத்துக்கு வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பச் சிலர் கேட்கிறார்கள், ஆனால் ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து கேட்டால் கூரியர் போய்ச் சேராது என்று பையன் சொன்னான். அந்த வருடம் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் சிப்ஸ் கிலோ 480 ரூபாய் ஆகியிருந்தது, பக்கத்தில் வேறு எண்ணெயில் வறுத்ததைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்கிறார்கள் என்றும் சொன்னான்.

எனக்குத் தேவையான இரண்டும் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டன. பார்சல் ஆர்டர் முன்கூட்டியே வர வேண்டும். விலை ஏன் கூடுதல் என்பது வாங்குகிறவருக்குக் கண்ணால் தெரிய வேண்டும். 2025-இல் திருவோணம் செப்டம்பர் 5. நம் மாவட்டத்துக்கும் அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் அல்லவா. ஆகஸ்ட் பாதிக்குள் ரீல் வெளிவந்தால்தான் பார்சலுக்கு நேரம் இருக்கும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஜூலை கடைசியில் பேச்சு முடிய வேண்டும்.

இரண்டாவது செய்தி:

> வணக்கம் அண்ணாச்சி. குழித்துறையிலிருந்து எழுதுகிறேன், ஊர்த் தின்பண்டங்களை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவள். போன செவ்வாய் உங்கள் கடையில் சிப்ஸ் வாங்கினேன், எண்ணெய்க்கு மேலேயே காய் சீவுவதைப் பார்த்தேன்.
>
> ஓணத்துக்கு வெளியூர்ப் பார்சல் கேட்கிறவர்கள் கடைசி நேரத்தில் வருகிறார்கள் என்று கடையில் சொன்னார்கள். ஆகஸ்ட் 16-க்குள் 30 விநாடி வீடியோ ஒன்று எடுத்துப் போட்டால், ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பே பார்சல் சொல்லி வைக்கலாம் என்பது சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெயில்தான் வறுக்கிறீர்கள் என்பதும் வீடியோவில் தெரியும்.
>
> இது கட்டண விளம்பரம். வீடியோவுக்கு 3,500 ரூபாய். என் வீடியோ ஒன்றை வழக்கமாக 3,000 பேர் அளவில் பார்க்கிறார்கள், அதில் நாகர்கோவில் சுற்றுவட்டாரம்தான் அதிகம். முழு ரேட்டும் கீழே படத்தில் இருக்கிறது. முன்பு செய்த இரண்டு வீடியோவும் அனுப்பியிருக்கிறேன்.
>
> சம்மதம் என்றால் வரும் வாரம் ஒரு நாள் காலை கடைக்கு வருகிறேன். வேண்டாம் என்றாலும் ஒரு வரி சொல்லுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.

இதற்குக் கீழே தனித்தனியாக மூன்று அனுப்பினேன்: ரேட் எழுதிய ஒரு படம், இரண்டு வீடியோ. ரேட்டைச் செய்திக்குள்ளேயே முழுதாக எழுதினால் நீளம் கூடி, வாட்ஸ்அப் அதைப் பாதியில் மடக்கிவிடும், மீதியைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் முக்கியமான ஒரே ஒரு விலை மட்டும் உள்ளே, மீதி படத்தில். வீடியோக்களைச் சுட்டியாக அனுப்பாமல் கோப்பாகவே அனுப்பியதற்கும் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராம் கணக்கு இல்லாதவர் சுட்டியைத் தட்டினால் பல சமயம் உள்நுழையச் சொல்லும் பக்கம்தான் வரும், ஐம்பத்தைந்து வயது மனிதர் அதோடு மூடிவிட்டுப் போய்விடுவார்.

மாதிரிகளாக எதை எடுப்பது என்பதில் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். அருவி ரீல்தான் என்னிடம் இருப்பதிலேயே அதிகம் ஓடியது, அதை அனுப்பாமல் இருக்க மனசு வரவில்லை. கடைசியில் அதை விட்டுவிட்டு, ஒரு கருப்பட்டிக் காய்ச்சல் வீடியோவும், மார்த்தாண்டத்தில் ஒரு தேன்காரரின் பெட்டிகளை எடுத்ததும் அனுப்பினேன். இரண்டிலும் பொருள் உருவாகிற இடமும் கையும் தெரியும், செய்கிறவர் ஓரிரு வார்த்தை பேசுவார். கடைக்காரர் மாதிரியில் தேடுவது "என் கடை இதில் எப்படித் தெரியும்" என்பதை. அருவியைப் பார்த்து அவர் அதைக் கற்பனை செய்ய முடியாது.

அண்ணாச்சி கூப்பிட்டார். முதல் கேள்வியே, "மக்ளே, இதப் போட்டா எத்தன கிலோ விக்கும்?"

இதற்கு எண் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த எண்தான் ஒப்பந்தம், மீதியெல்லாம் மறந்துபோகும். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதை ஓரளவு சொல்ல முடியும், வாங்குவது விலை, கூரியர், உங்கள் பதில் வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது, விற்பனைக்கு என்னால் உறுதி தர முடியாது அண்ணாச்சி என்று சொன்னேன். ஒரு விஷயத்துக்கு உறுதி தந்தேன்: ஒரு வாரத்தில் 2,000 பேரைக்கூடச் சென்றடையவில்லை என்றால் இரண்டு ஸ்டோரி இலவசமாகப் போடுகிறேன். என் பத்து ரீலில் ஒன்றுதான் அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தது, அதனால் துணிந்து சொல்ல முடிந்தது. எந்தக் கடைக்காரரிடம் என்றாலும் நம்முடைய கணக்கில் நாம் பார்த்திருக்கிற அளவுக்குள் நிற்கிற வாக்கைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து விலை. "மூவாயிரத்தி ஐநூறா? ரெண்டு கிலோ சிப்ஸ் தாரேன், போட்டு விடு." நிறைய பேர் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறார்கள், நானும் முன்பு ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்த முறை 3,500 எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெளிவாக இருந்தது. போய்வர, படம்பிடிக்க நாலு மணி நேரம், வெட்டி ஒட்டி எழுத்துப் போட ஐந்து மணி நேரம், பேச்சுக்கும் திருத்தத்துக்கும் ஒரு மணி நேரம், ஆகப் பத்து. மணிக்கு 250 வைத்தால் 2,500. பஸ், ஆட்டோ, எடிட்டிங் செயலிக்குக் கட்டுகிற மாதச் சந்தாவில் ஒரு பங்கு என 350. மீதி 650 என் கணக்கில் அது இருப்பதற்கு, அந்த 3,000 பேர் முன்னால் வைப்பதற்கு. பின்தொடர்கிறவர் ஒருவருக்கு இத்தனை பைசா என்று கணக்குப் போடும் முறை ஒன்று ஊரில் புழங்குகிறது, சின்னக் கணக்குகளுக்கு அது ஒத்துவராது என்பது என் அனுபவம், ஏனென்றால் பின்தொடர்கிறவர் 6,000 ஆனாலும் 60,000 ஆனாலும் தக்கலைக்குப் போய் நின்று எடுத்துவர ஆகிற நேரம் ஒன்றுதான்.

ரேட் படத்தில் இருந்தது இவ்வளவுதான்: ரீல் 3,500. சுட்டியோடு இரண்டு ஸ்டோரி 600. ரீலுக்குப் பதில் ஐந்து படங்கள் கொண்ட பதிவு 1,800. அந்த வீடியோவை நீங்கள் காசு கட்டி விளம்பரமாக ஓட்டவோ உங்கள் பக்கத்தில் போடவோ வேண்டுமானால் 30 நாளுக்கு 1,000. வேறு எந்தச் சிப்ஸ் கடைக்கும் 30 நாள் செய்யாமல் இருக்க 800.

அண்ணாச்சி 3,000-க்கு முடிக்கச் சொன்னார். நான் விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்துக் காட்டினேன்: மூவாயிரத்துக்குள் வேண்டுமென்றால் படப் பதிவு 1,800, ஸ்டோரி 600, மொத்தம் 2,400 என்று. அதே வேலையை 500 குறைத்துச் செய்தால் முதலில் சொன்ன விலை சும்மா ஏற்றிச் சொன்னது என்று ஆகிவிடும், அடுத்த முறை அவர் 2,500-இல் தொடங்குவார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சத்தத்தோட வேணும், வீடியோவே எடு, ஸ்டோரி வேண்டாம் என்றார். பாதி முன்பணம் 1,750 அன்று இரவே யுபிஐ-யில் வந்தது. பேசியதையெல்லாம் ஆறு வரியில் எழுதி அதே வாட்ஸ்அப்பில் போட்டு, "சரி" என்று ஒரு வார்த்தை போடச் சொன்னேன். தனியாக ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. இந்த அளவு வேலைக்கு அந்த ஆறு வரி போதுமானதாக இருந்தது, பின்னால் ஒரு தடவை எடுத்துக் காட்டவும் வேண்டிவந்தது.

ஸ்டோரியை விட்டதில் ஒரு சிக்கல் இருந்தது, பேசும்போது எனக்கும் உறைக்கவில்லை. ரீலுக்குக் கீழே எழுதுகிற குறிப்பில் சுட்டி போட்டாலும் அதைத் தட்ட முடியாது. ஸ்டோரியில்தான் தட்டக்கூடிய சுட்டி ஒட்ட முடியும், அல்லது நம் முகப்பில். ஸ்டோரி இல்லையென்றால் பார்க்கிறவர் பார்சல் கேட்க எங்கே போவார்? அதனால் பத்து நாளுக்கு என் முகப்பில் கடையின் வாட்ஸ்அப் சுட்டியைப் போட்டேன், அதற்குக் காசு கேட்கவில்லை, ஏனென்றால் இதை முதலிலேயே நான்தான் விளக்கியிருக்க வேண்டும். சுட்டி இந்த வடிவில்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=ONAM
```

இதைத் தட்டினால் கடையின் எண்ணுக்கு ONAM என்று எழுதிய செய்தி அனுப்பத் தயாராகத் திறக்கும். அப்படி வருகிற ஒவ்வொன்றும் ரீல் வழியாக வந்தது என்று அண்ணாச்சியே எண்ணிக்கொள்ளலாம். என் பக்கக் கணக்கை அவர் நம்பத் தேவையில்லை, அவருடைய போனிலேயே இருக்கும். இனி அனுப்புகிற எல்லாச் செய்திகளிலும் இந்த வரியைச் சேர்த்துவிட்டேன், "உங்கள் போனிலேயே எண்ணிப் பார்க்கலாம்" என்று.

படம்பிடிக்கிற நாளில் இரண்டு விஷயத்துக்கு முடியாது என்றேன். சிப்ஸ் உடம்புக்கு நல்லது, கொழுப்பே இல்லை என்று சொல்லச் சொன்னார். எண்ணெயில் வறுத்த பொருளுக்கு அப்படிச் சொன்னால் அது தவறான விளம்பரம், சொன்ன வாய் என்னுடையது என்பதால் பொறுப்பும் எனக்கு உண்டு. எண்ணெய் டின்னைத் திறந்து ஊற்றுவதைக் காட்டினேன், "தேங்காய் எண்ணெயில் வறுக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் அதைத்தான் நான் பார்த்தேன். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன், இருந்தது.

இரண்டாவது, விளம்பரம் என்று போடாமல் விடச் சொன்னார். "விளம்பரம்னு போட்டா யாரு மக்ளே பாப்பா?" அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி நடந்தால் 50 லட்சம் வரை அபராதம் போட இடமிருக்கிறது, பொருள் விற்கிறவருக்கு மட்டுமில்லை, அதைச் சொல்லிப் பரிந்துரைக்கிறவருக்கும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியும் வெளியிட்டது. இரண்டு கிலோ சிப்ஸ் வாங்கிக்கொண்டு செய்திருந்தாலும் இதே விதிதான். தமிழில் "விளம்பரம்" என்ற சொல்லை 30 விநாடியும் மேல் மூலையில் வைத்தேன், இன்ஸ்டாகிராமின் கட்டணக் கூட்டு என்ற அடையாளத்தையும் போட்டேன். இதை ஏன் கடைக்கு அனுப்புகிற செய்தியிலேயே "இது கட்டண விளம்பரம்" என்று எழுத வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான், படம்பிடித்து முடித்த பிறகு சொன்னால் சண்டை வரும்.

பாட்டு போடவில்லை. தனிப்பட்ட ரீல்களில் நாம் சேர்க்கிற சினிமாப் பாட்டுகளுக்கு இன்ஸ்டாகிராம் வாங்கியிருக்கிற உரிமை விளம்பரத்துக்குப் பொருந்தாது. வறுக்கிற சத்தம் இருந்தது, அது போதும்.

ஆகஸ்ட் 14 இரவு ஏழு மணிக்கு ரீல் போனது. ஒரு வாரத்தில் 3,400 பேர். எதிர்பார்த்த அளவுதான். ஓணம் வரைக்கும் ONAM என்று கடைக்கு வந்த செய்திகள் 23, அதில் ஒன்பது பேர் பார்சல் வாங்கினார்கள், மொத்தம் 22 கிலோ, 10,560 ரூபாய் விற்பனை. கேட்டுவிட்டு வாங்காத பதினான்கு பேரில் பெரும்பாலானவர்கள் கூரியர் செலவைக் கேட்டதும் நின்றுவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். கடைக்கு நேரில் வந்தவர்களில் ரீல் பார்த்தவர் எத்தனை என்று எண்ண வழியில்லை, அதனால் அதை நான் கணக்கில் சேர்த்துச் சொல்லவில்லை. எண்ணெய் விற்ற விலையில் 10,560 ரூபாயில் அவருக்கு நின்ற லாபம் எனக்குக் கொடுத்த 3,500-ஐத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான், அதை அவரிடம் நேராகவே சொன்னேன். அவர் சொன்னது, அந்த ஒன்பது பேரின் எண்ணும் இப்போது போனில் இருக்கிறது என்று.

இடையில் ஒரு தகராறு. அக்கா மகன் ரீலை இறக்கி, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, விளம்பரம் என்ற சொல் தெரியாதபடி மேல் பக்கத்தை வெட்டிக் கடையின் பக்கத்தில் போட்டுவிட்டார். நான் ஆறு வரியை எடுத்துக் காட்டினேன், கடைப் பக்கத்தில் போடுவது தனி 1,000 என்று அதில் இருந்தது. அண்ணாச்சிக்கு அது ஞாபகமில்லை, ஆனால் அவர் போட்ட "சரி" அங்கே இருந்தது. அன்றே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து 1,000 அனுப்பிவிட்டு முறையாக என்னிடமே கோப்பைக் கேட்டார்கள், பாட்டு இல்லாமல், வெட்டாமல் கொடுத்தேன். மீதி 1,750 ரீல் போட்ட மறுநாளே வந்திருந்தது.

நவம்பர் கடைசியில் அண்ணாச்சியே கூப்பிட்டார். கிறிஸ்துமசுக்கு அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் போடுகிறாராம், எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இந்த முறை ரீலையும் ஸ்டோரியையும் பிரிக்காமல் 4,100 என்று ஒரே விலையாகச் சொன்னேன், கூரியர் செலவையும் சேர்த்து ஒரு கிலோவுக்கு ஒரே விலை வையுங்கள், அதை வீடியோவிலேயே சொல்லிவிடலாம் என்றும் சொன்னேன். கூரியர் ஆபீசில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவர், மறுநாள் காலை விலையோடு முன்பணத்தையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்.